“76 சதவீதம்” என்றது மிஷின்! கட்டுரைக்குப் பூஜ்யம்! நீதி கேட்கும் சிறுசேரி மாணவி

சிறுசேரி.

தான் எழுதிய கட்டுரையைத் தான் எழுதவில்லை என்று ஒரு மிஷின் சொல்லிவிட்டது. மிஷின் சொன்னதை வைத்து கல்லூரியும் தண்டனை கொடுத்துவிட்டது. “என் எழுத்தை எனக்கே இல்லை என்கிறார்களே, நான் என்ன செய்வது?” என்று கேட்டு, முதல்வருக்கு நாலு பக்கம் மேல்முறையீட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார் ஒரு மாணவி.

பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முறையீடு நடந்துகொண்டிருப்பதால் நாமும் விட்டுவிடுகிறோம். இது பற்றிய விவரம் வருமாறு:–

மாணவிக்கு வயது 20. திண்டிவனம் பக்கத்துக் கிராமம். பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர். தகப்பனார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சிறுசேரியில் நாலு பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கி, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறார். இப்போது மூன்றாம் ஆண்டு.

சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி எழுதினார். 2013-ல் தொடங்கிய ஆலை அது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவு கொண்டது. பஸ் பிடித்து நெம்மேலிக்கே போய் வெளியே நின்று பார்த்தாராம். ஆங்கிலத்தில் 1,450 சொற்கள். எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆனதாம்.

கட்டுரையைக் கல்லூரி கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ‘76 சதவீதம் ஏ.ஐ. எழுதியது’ என்று வந்தது. மறுவாரம் நோட்டீஸ். கட்டுரைக்குப் பூஜ்யம், இன்டர்னல் மார்க்கில் வெட்டு, ஒழுங்குப் பதிவேட்டில் ஒரு வரி. விசாரணை என்று கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்கிறார் மாணவி.

“இன்டர்னல்ல விழுந்தா அரியர் ஆகிடும்ணா. அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூவுல உட்காரவே விடமாட்டாங்க. மார்க் போனா போகுது, ‘காப்பி அடிச்சவ’ன்னு எழுதிட்டாங்களே, அதை எங்க கொண்டுபோய் அழிக்கிறது?” என்றார்.

மிஷின் என்ன பார்க்கிறது?

கேட்பவர்கள் பலர் இதைப் பழைய ‘காப்பி’ சோதனை என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

காப்பி சோதனையில், இந்த வரி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டும். நீங்களும் நானும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம். திருட்டு வழக்கில் பொருளை மீட்டு மேஜை மேல் வைப்பது போல. ஏ.ஐ. கண்டுபிடிப்பானில் மேஜை மேல் வைக்க எதுவும் கிடையாது. மூலப் பிரதி என்று ஒன்று இல்லவே இல்லை. ‘எழுதிய தோரணை மிஷின் போல இருக்கிறது’ என்கிற ஊகம்தான் இருக்கிறது.

அந்த ஊகம் எப்படி வருகிறது? ‘வங்கக் கடலில் காற்றழுத்தத்’ என்று நான் நிறுத்தினால், அடுத்த சொல் ‘தாழ்வு’ என்று வாசகர் சொல்லிவிடுவார். ஏ.ஐ. எழுதுவதே இப்படி அடுத்த சொல்லை ஊகித்து ஊகித்துத்தான். ஆகவே ஒரு கட்டுரையில் சொற்களெல்லாம் எதிர்பார்த்தபடியே வந்து விழுந்தால், வாக்கியங்கள் ஒரே நீளத்தில் ஒரே நடையில் போனால், கண்டுபிடிப்பான் சந்தேகப்படுகிறது.

இங்கேதான் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வில்லங்கம். இரண்டாவது மொழியில் எழுதுகிறவர் பத்திரமான சொற்களைத்தான் எடுப்பார். நோட்ஸில் படித்த வாக்கியத்தைத்தான் எழுதுவார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வளர்ந்த நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும்.

மாணவியின் கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். மிஷின் வண்ணம் பூசிய வரிகள் எவை தெரியுமா? மக்கள்தொகை பெருகுவதால் தண்ணீர்த் தேவை நாளுக்கு நாள் அதிகரிக்கிறது என்ற முதல் வரி. எதிர்ச் சவ்வூடு பரவல் என்றால் என்ன என்ற இலக்கணம். அதன் நன்மைகள், தீமைகள். ஊரில் எந்தப் பாடநூலை எடுத்தாலும் இதே வரிகள்தான். நெம்மேலியில் பஸ் இறங்கி நடந்தது, தன் அறைக்கு வரும் லாரித் தண்ணீரைக் குடத்தால் எண்ணிக் கணக்குப் போட்டது ஆகிய இரண்டு பத்திகளில் மட்டும் வண்ணமே இல்லை.

76 என்றால் என்ன?

நோட்டீஸில் ‘76 சதவீதம் உறுதியாகிறது’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் கோளாறு.

உலகம் முழுக்கக் கல்லூரிகளில் அதிகம் புழங்குவது அமெரிக்காவின் டர்னிட்டின் கம்பெனி சாதனம். 2023 ஏப்ரலில் வந்தது. அது கட்டுரையைச் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மார்க் போடுகிறது. கடைசியில் வரும் சதவீதம், கட்டுரையில் எத்தனை பங்கு ‘மிஷின் மாதிரி’ இருக்கிறது என்ற அளவு. ‘இவர் குற்றவாளி என்பதற்கு 76 சதவீத வாய்ப்பு’ என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

டர்னிட்டின் கம்பெனியே இந்த எண்ணை மட்டும் வைத்து மாணவர் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. 20-க்குக் கீழே வந்தால் நம்ப முடியாது என்று, எண்ணைக் காட்டுவதையே நிறுத்திவிட்டது. விற்கிறவனே எச்சரிக்கிறான், வாங்கினவர் காதில் விழவில்லை.

‘எங்கள் சாதனம் தவறுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே’ என்பது அந்தக் கம்பெனியின் கணக்கு. அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஒரு கல்லூரியில் 1,000 கட்டுரை வருகிறது. அதில் 100 பேர் ஏ.ஐ.யை வைத்து எழுதியவர்கள், 900 பேர் சொந்தமாக எழுதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். திருட்டுக் கட்டுரை 100-ல் 80-ஐ மிஷின் பிடிக்கிறது. சொந்தக் கட்டுரை 900-ல் நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 9 பேர் மாட்டுகிறார்கள். ஆக மொத்தம் 89 பேருக்கு நோட்டீஸ். அதில் 9 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். தவறு நூற்றுக்கு நாலு என்று ஏறினால் 36 அப்பாவிகள். மாட்டிய 116 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்!

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே போல ஒரு கணக்குப் போட்டது. 2022-ல் தங்களிடம் வந்தவை 75,000 கட்டுரைகள், நூற்றுக்கு ஒன்று என்றால் 750 பேர் மேல் வீண்பழி விழுந்திருக்கும் என்று சொல்லி, 2023 ஆகஸ்டில் அந்தச் சாதனத்தையே அணைத்து வைத்துவிட்டது. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியும் சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பானை விட்டது. சோதனையில் அது மிஷின் எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதன் எழுத்தில் 9 சதவீதத்தை மிஷின் என்றது. 2023 ஜூலையில் அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

இன்னொரு சோதனை நம்மவர்களுக்கு நேராகப் பொருந்துவது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களிடம் கொடுத்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கு மேல் ‘மிஷின்’ என்று வந்தது. 18 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களும் ஒரே குரலில் ‘மிஷின்’ என்றன. வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியை விட்டு மெருகேற்றிக் கொடுத்தபோது, பழி பெருமளவு குறைந்துவிட்டது! மிஷின் கை வைத்த பிறகுதான் ‘மனிதன் எழுதியது’ என்ற சான்றிதழ் கிடைத்தது.

அந்த ஏழில் டர்னிட்டின் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் சாதனத்தில் சோதித்தார்கள் என்று நோட்டீஸில் இல்லை. மாணவி கடிதத்தில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஹைகோர்ட் வரை போன ‘88’

நம் நாட்டில் இது கோர்ட் வரை போயிருக்கிறது. அரியானா மாநிலம் சோனிபட்டில் உள்ள ஓ.பி. ஜிந்தால் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். படித்த ஒரு மாணவரின் தேர்வு விடைத்தாள் 88 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று குற்றம் சாட்டப்பட்டது. முறைகேடு விசாரணைக் குழு 2024 ஜூன் 25-ந் தேதி அவரை அந்தப் பாடத்தில் பெயில் ஆக்கியது. தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிட்டார். நடக்கவில்லை.

சட்டம் படித்தவர் சும்மா இருப்பாரா? பஞ்சாப்–அரியானா ஹைகோர்ட்டில் ரிட் போட்டார். ஏ.ஐ. பயன்படுத்தக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, நான் பயன்படுத்தினேன் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். நீதிபதி ஜஸ்குர்பிரீத் சிங் புரி, பல்கலைக்கழகத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். அந்த நவம்பரிலேயே பல்கலைக்கழகம் முடிவை மாற்றி அவரைப் பாஸ் ஆக்கிவிட்டது. வழக்கும் அதோடு முடித்து வைக்கப்பட்டது.

இதைக் கேட்டதும் ‘ஹைகோர்ட்டே கண்டுபிடிப்பான் செல்லாது என்று சொல்லிவிட்டது’ என்று சில மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. மிஷின் சரியா தவறா என்று கோர்ட் தீர்ப்பு எழுதவில்லை. எழுதும் முன்பே பல்கலைக்கழகம் இறங்கி வந்துவிட்டது. ஆகவே கடிதத்தில் அதைத் தீர்ப்பு என்று காட்டினால் எடுபடாது. மாணவி அப்படிக் காட்டாதது புத்திசாலித்தனம்.

போலீஸ் செய்தி எழுதும் எனக்கு மோப்ப நாய் ஞாபகம்தான் வந்தது. நாய் மோப்பம் பிடித்து ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும். போலீசார் அங்கே விசாரிப்பார்கள். ஆனால் நாய் நின்றது என்பதற்காக ஒருவனை உள்ளே தள்ள முடியாது. ஆந்திராவில் நடந்த ஒரு கொலை வழக்கில், மோப்ப நாய் சாட்சியத்துக்குக் கோர்ட்டுகள் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே 2001-ல் சொல்லியிருக்கிறது. விசாரணையைத் தொடங்க நாய் போதும், அதோடு முடிக்க முடியாது.

கடிதத்தில் என்ன இருக்கிறது?

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. முக்கியமான பகுதியைத் தமிழில் தருகிறோம்:

‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

என் கட்டுரை 76 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று முடிவு செய்யப்பட்டதை எதிர்த்து முறையிடுகிறேன். நோட்டீஸில் அந்த எண்ணைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எந்தச் சாதனம், எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்பதோடு, முழு அறிக்கையின் பிரதியையும் தரும்படி கேட்கிறேன். எந்த விதியின் கீழ் தண்டனை தரப்பட்டது என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கட்டுரையை நானே எழுதினேன். கூகுள் டாக்ஸில் பதினோரு நாட்களில் எழுதியதன் முழு வரலாறும் இருக்கிறது. எந்த நாள் எந்த வரி எழுதினேன், எதை அடித்தேன் என்பது தெரியும். அதைப் பார்க்கத் தங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். தமிழில் நான் எழுதிய குறிப்பு நோட்டையும், நெம்மேலியில் எடுத்த படங்களையும் கொண்டு வருகிறேன். நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்களின் பதிவும் இருக்கிறது.

எழுத்துப் பிழை திருத்த கிராமர்லி பயன்படுத்தினேன். அதை மறைக்கவில்லை. அதில் மாறிய இடங்களும் வரலாற்றில் தெரியும்.

கட்டுரையில் எந்த வரியைப் பற்றி வேண்டுமானாலும் நேரில் கேளுங்கள். அல்லது ஓர் அறையில் உட்கார வைத்து, இதே போல ஒரு தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்த எழுத்தையும் இந்தக் கட்டுரையையும் என் பழைய விடைத்தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தரவேண்டும்.’

கடிதத்தில் அழுகை இல்லை, யாரையும் திட்டவில்லை. ‘நான் ஏழை, மன்னித்து விடுங்கள்’ என்ற வரியும் இல்லை. சீனியர் ஒருவர் அப்படி எழுதச் சொன்னாராம். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார்.

இன்னொரு தோழி, ‘வேறு நாலு மிஷினில் போட்டுப் பார், குறைவாக வந்தால் அதையும் வை’ என்றிருக்கிறார். அதுவும் ஆபத்துதான். மிஷினை நம்பாதே என்று வாதாடுகிறவர் இன்னொரு மிஷினைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. நாலில் ஒன்று ‘90’ என்றால் அதோடு கதை முடிந்தது.

கூகுள் டாக்ஸில் அந்த வரலாறு `File` → `Version history` → `See version history` என்ற இடத்தில் இருக்கிறது. சொந்தமாக எழுதியவரின் வரலாறு கந்தல் கோலமாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மூன்று வரி, மறுநாள் அதில் இரண்டு அடித்தல், ஒரு பத்தி மேலிருந்து கீழே. வேறெங்கோ எழுதி வாங்கியதை ஒட்டியிருந்தால், வெற்றுத் தாளில் ஒரே நிமிடத்தில் ஆயிரம் சொற்கள் குதித்து நிற்கும். இதையும் ஏமாற்றலாம். திரையில் ஏ.ஐ. எழுதியதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யலாம். அப்படிப்பட்டவரைத்தான் நேர்முகக் கேள்வி பிடிக்கும்.

பேராசிரியர் பக்கம்

கல்லூரிப் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இதே வட்டாரத்தில் வேறு ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் நம்மிடம் பேசினார்.

“அறுபது பேப்பர் வருது தம்பி. இருபது பேப்பர் ஒரே அச்சு. இல்லாத புத்தகத்தை எல்லாம் மேற்கோள் காட்டுறாங்க. நாங்க என்ன கண்ணை மூடிக்கிட்டு மார்க் போடணுமா? ஆனா ஒண்ணு, நான் மிஷினை வச்சு முடிவு பண்ணுறதில்ல. சந்தேகம் வந்தா கூப்பிட்டு, ‘மூணாவது பாராவை உன் வார்த்தையில சொல்லு’ன்னு கேப்பேன். எழுதினவன் திக்கித் திணறியாவது சொல்லிடுவான். எழுதாதவன் பேப்பரைப் பார்ப்பான்” என்றார்.

இல்லாத புத்தகம் என்று அவர் சொன்னது கவனிக்க வேண்டியது. ஏ.ஐ. சில சமயம் நூலின் பெயர், ஆசிரியர், பக்க எண் எல்லாம் தானே கற்பனை செய்து தந்துவிடும். அந்தப் புத்தகத்தைத் தேடினால் கிடைக்காது. அது யாரும் சரிபார்க்கக்கூடிய தடயம். சதவீதம் அப்படியல்ல.

சில கல்லூரிகள் இந்த ஏ.ஐ. எண்ணை யு.ஜி.சி.யின் 2018-ம் ஆண்டு காப்பி தடுப்பு விதிகளோடு போட்டுக் குழப்புகின்றன. அந்த விதியில் 10 வரை தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று படிகள் இருக்கின்றன. அந்தப் படிகள் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு வகுத்தவை. சாட்ஜிபிடி வருவதற்கு நாலு வருஷம் முந்திய விதி அது. 76 என்ற ஏ.ஐ. எண்ணை ‘60-க்கு மேல்’ என்ற பெட்டியில் போட்டால், காய்ச்சலை அளந்த எண்ணை ரத்த அழுத்தச் சீட்டில் எழுதிய கதைதான்.

அடுத்து எங்கே?

முதல்வர் தள்ளுபடி செய்துவிட்டால் கதவு மூடிவிடாது. யு.ஜி.சி. 2023-ல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மதிப்பீட்டில் நியாயமற்ற முறை கையாளப்பட்டது என்பதும் குறையாக ஏற்கப்படும். குழுவின் முடிவும் திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். மார்க் போதவில்லை, கூட்டிப் போடுங்கள் என்று அங்கே போனால் எடுக்க மாட்டார்கள். முறை தவறியது, ஆதாரம் காட்டவில்லை, பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்று எழுத வேண்டும். நாள் கணக்கு முக்கியம் என்பதால், கடிதம் கொடுத்ததற்கு அலுவலகத்தில் தேதியும் முத்திரையும் போட்டு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். மாணவி வாங்கியிருக்கிறார்.

கடிதம் கொடுத்து ஆறாம் நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. துறைத் தலைவர், இன்னொரு துறைப் பேராசிரியர், நூலகர் ஆகிய மூவர் முன்னிலையில் வருகிற வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பு நோட்டையும் லேப்டாப்பையும் கொண்டுவர வேண்டும். சோதனை அறிக்கையின் முழுப் பிரதி அப்போது தரப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு நாள் முன்னதாகவே தரவேண்டும், படித்துப் பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டு, நேற்று மாலை மாணவி இரண்டாவது கடிதமும் கொடுத்துவிட்டார்.